ஒரு டூர் பில்லின் 31 நாட்கள்

மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு நடுத்தர நிறுவனம். பட்டறை அம்பத்தூரில், தலைமை அலுவலகம் கிண்டியில். அதன் சர்வீஸ் இன்ஜினீயர் ஒருவர் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு ராத்திரி தங்கி, வேலையை முடித்துவிட்டு வருகிறார். ரயிலுக்கு 1,340 ரூபாய், லாட்ஜுக்கு 3,800, ஆட்டோவுக்கு 460, சாப்பாட்டுக்கு 880. எல்லாம் சேர்த்து 6,480 ரூபாய், அவர் கைக்காசு. ஜூன் 9, திங்கட்கிழமை பில் போடுகிறார். பணம் வங்கிக் கணக்கில் ஏறுவது ஜூலை 10, வியாழக்கிழமை.

இந்த நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டாம். பல அலுவலகங்களில் நடப்பதைச் சேர்த்து நான் கட்டிய உதாரணம் இது. ஆனால் டூர் பில் போட்டு அனுபவப்பட்ட எவருக்கும் இந்த 31 நாள் புதிதாக இருக்காது. பணம் தாமதமானால் நம்மவர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அக்கவுண்ட்ஸ்ல உட்கார்ந்துக்கிட்டு என்னதான் பண்றாங்க?" அக்கவுண்ட்ஸ்காரர்களைக் கேட்டால் தலைக்கு மேல் வேலை என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. ஆட்கள் சும்மா இருக்கவில்லை. காகிதம்தான் சும்மா இருந்தது.

அதைக் கண்டுபிடிக்கும் கலையைத் தொழிற்சாலைக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர், உற்பத்தியில் ஒளிந்திருக்கும் விரயங்களை ஏழு வகையாகப் பிரித்தார். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, பொருளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பது, வேண்டாத வேலைப்பாடு, தேக்கிவைப்பது, ஆள் வீணாக அலைவது, தப்பாகச் செய்து திருத்துவது. ஆட்களின் அறிவைப் பயன்படுத்தாமல் விடுவது என்ற எட்டாவதைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். இந்த முறைக்கு உலகம் வைத்த பெயர் 'லீன்'.

தொழிற்சாலையில் விரயம் கண்ணில் படும். பாதி முடிந்த கியர் பெட்டிகள் நடைபாதையில் குவிந்திருந்தால் யாராவது கால் இடறி விழுவார்கள். அலுவலகத்தில் அந்தக் குவியல் ஒருவருடைய இன்பாக்ஸில் இருக்கிறது. யாரும் இடறுவதில்லை. அதனால்தான் அலுவலகத்தில் ஆளைக் கவனித்தால் விரயம் தெரியாது. காகிதத்தின் பின்னாலேயே போக வேண்டும்.

போவதற்கு வழி எளிது. பில்லின் மேல் ஒரு துண்டுச் சீட்டைப் பின் பண்ணுங்கள். அதில் மூன்று கட்டம்: வந்தது, எடுத்தது, முடித்தது. யார் கைக்குப் போனாலும் அவர் மூன்றிலும் தேதியும் நேரமும் போட வேண்டும். நடுக்கட்டம்தான் முக்கியம். வந்ததற்கும் எடுத்ததற்கும் இடையே கிடப்பது காத்திருப்பு. எடுத்ததற்கும் முடித்ததற்கும் இடையே நடப்பது வேலை. பெரும்பாலான அலுவலகங்களில் வந்த தேதிக்கு ஒரு முத்திரை உண்டு, முடித்த தேதிக்கு ஒரு கையெழுத்து உண்டு, எடுத்த நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. "சாதாரணமாக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று வாய்வழியாகக் கேட்டு எழுதிக்கொள்வது மட்டும் உதவாது. கேட்டால் எல்லாரும் வேலை நேரத்தைத்தான் சொல்வார்கள், அதுவும் நல்லபடியாக நடந்த நாளின் நேரத்தை. சீட்டு ஒட்ட முடியாவிட்டால், போன மாதம் முடிந்த இருபது பில்களை எடுத்து, ஈமெயில் நேரங்களைப் பார்த்து எழுதுங்கள். அதுவே போதும்.

நம் இன்ஜினீயரின் பில்லில் அந்தச் சீட்டு சொன்னது இது. ஜூன் 9 அன்று படிவம் நிரப்ப அவருக்கு 35 நிமிடம் ஆனது. மேலாளர் வெளியூர். 12ஆம் தேதி திரும்பி வந்து இரண்டு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் துறைத் தலைவரும் போட வேண்டும். மறுநாள் போட்டார், ஒரு நிமிடம். அம்பத்தூரிலிருந்து கிண்டிக்கு வண்டி திங்கட்கிழமை, 16ஆம் தேதி. கணக்குப் பிரிவில் அதை எடுத்தது 20ஆம் தேதி. 12 நிமிடம் சரிபார்த்து, லாட்ஜ் பில்லில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்ஜினீயர் அப்போது வேறு ஊரில். 25ஆம் தேதி லாட்ஜுக்கு நாலைந்து தடவை போன் போட்டுப் புதுப் பில் வாங்கினார், 20 நிமிடம். பில் மாறியதால் மேலாளர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும்: 27ஆம் தேதி, இரண்டு நிமிடம். 30ஆம் தேதி கிண்டி. மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு நடந்துகொண்டிருந்ததால் ஜூலை 2ஆம் தேதிதான் திரும்ப எடுத்தார்கள். மறுபடி சரிபார்க்க எட்டு நிமிடம், டேலியில் ஏற்ற ஆறு நிமிடம். பணம் போடுவது மாதம் இரண்டு முறை, 10ஆம் தேதியும் 25ஆம் தேதியும். ஆகவே ஜூலை 10. அன்று வங்கி வேலையில் இந்தப் பில்லின் பங்கு இரண்டு நிமிடம்.

கூட்டினால் எல்லார் கையும் பட்ட நேரம் 88 நிமிடம். சனி, ஞாயிறு போக இடையில் ஓடியது 23 வேலை நாள். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 184 மணி நேரம். அதில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் யாரோ ஒருவர் இந்தப் பில்லில் கை வைத்திருந்தார். நூறில் ஒரு பங்குகூட இல்லை. எனவே 'எல்லாரும் இன்னும் வேகமாக வேலை செய்யுங்கள்' என்று சுற்றறிக்கை விடுவதில் பயனே இல்லை. 88 நிமிடத்தை 44 ஆக்கினாலும் பணம் வருவது அதே ஜூலை 10தான்.

இனி விரயங்களுக்கு வருவோம். எட்டையும் வரிசையாக எழுதி, எது எந்தப் பெட்டி என்று பட்டிமன்றம் நடத்துவதைச் சில பயிற்சி வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். வேண்டாத வேலை. திருப்பி அனுப்பிய ஒரு பில் ஒரே நேரத்தில் தப்பு, காத்திருப்பு, அலைச்சல் மூன்றும்தான். பார்க்க வேண்டியது, எந்த விரயம் மற்ற விரயங்களைப் பெற்றுப் போடுகிறது என்பதை. ஓனோவின் தொழிற்சாலையில் அந்தத் தாய் விரயம் தேவைக்கு மேல் உற்பத்தி. டூர் பில்லில் அது பெரும்பாலும் தப்பும் திருத்தமும்.

இந்தப் பில்லையே பாருங்கள். ஜூன் 20 அன்று திருப்பி அனுப்பாமல் டேலியில் ஏற்றியிருந்தால் 25ஆம் தேதிப் பட்டியலில் பணம் வந்திருக்கும். ஒரு ஜி.எஸ்.டி. எண்ணின் விலை 15 நாள். இன்ஜினீயரின் 20 நிமிடம், மேலாளரின் இரண்டாவது கையெழுத்து, இரண்டாவது வண்டிப் பயணம், இரண்டாவது சரிபார்ப்பு எல்லாம் அந்த ஒரு குறையின் பிள்ளைகள்.

சரி, அந்த எண் எதற்கு? ஓட்டலுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கம்பெனி தன் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதற்காக. இங்கேதான் வேடிக்கை. அறை வாடகைக்கான ஜி.எஸ்.டி., ஓட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் வரியாகப் போடப்படும். பெங்களூரு லாட்ஜ் மத்திய வரியும் கர்நாடக வரியும் போடும். நம் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டில் மட்டுமே ஜி.எஸ்.டி. பதிவு. கர்நாடகத்தில் கட்டிய அந்த வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் கழிக்க முடியாது. அதாவது, எண் இருந்தாலும் கம்பெனிக்கு ஒரு ரூபாய் வரப்போவதில்லை. 15 நாள் அலைக்கழித்தது ஒன்றுமில்லாத ஒரு குறைக்காக.

இதைச் சரிபார்த்த கணக்குப் பிரிவுப் பெண்ணிடம் கேட்டால் என்ன சொல்வார்?

"தெரியும் சார். வெளி மாநில ஓட்டல் பில்லுக்கு நமக்கு கிரெடிட் வராது."

"அப்புறம் ஏம்மா திருப்பி அனுப்பினீங்க?"

"செக்லிஸ்ட்ல இருக்கே சார். டிக் போடாம விட்டா ஆடிட்ல என்னைத்தான கேப்பாங்க?"

எட்டாவது விரயம் இதுதான். பயிற்சி வகுப்பில் இதற்கு 'திறமையைப் பயன்படுத்தாமை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, பாட்டுப் பாடத் தெரிந்தவரை ஆண்டு விழாவில் பாட வைக்கச் சொல்வார்கள். அதுவல்ல. வேலையைத் தினமும் கையில் தொடுகிறவருக்கு அதன் கோளாறு தெரிந்திருக்கிறது. அதைச் சொல்ல அவருக்கு இடமில்லை, சொன்னாலும் மாற்ற அதிகாரமில்லை. உள்ளூர் கொள்முதலுக்காக யாரோ எழுதிய செக்லிஸ்ட் ஓட்டல் பில்லுக்கும் பாய்ந்துவிட்டது. அந்த வரியை நீக்கச் சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் யாரும் கேட்கவில்லை. இதை எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்பி அனுப்பும் ஊழியரிடம் உட்கார்ந்து, போன மாதம் எத்தனை பில் எந்தெந்தக் காரணத்துக்குத் திரும்பியது என்று கேளுங்கள். நோட்டைப் பார்க்காமலே முதல் நான்கு காரணங்களைச் சொல்லிவிடுவார்.

உண்மையிலேயே எண் தேவைப்படும் பில்களும் உண்டு. மதுரை, கோவை ஓட்டல் பில்லில் அது இருக்க வேண்டும். அங்கே செய்ய வேண்டியது பின்னால் பிடிப்பதல்ல, முன்னால் தடுப்பது. கம்பெனியின் பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சடித்துக் கொடுத்துவிட்டால், ரிசப்ஷனில் அட்டையை நீட்டும்போதே வேலை முடிந்தது. இப்படிச் சின்ன ஏற்பாடுகள் 'கவனமாக இருக்கவும்' என்று சிவப்பு எழுத்தில் மெயில் போடுவதைவிடப் பலமானவை. மெயிலை மறப்பார்கள். அட்டை கழுத்தில் தொங்கும்.

அடுத்து தேக்கமும் காத்திருப்பும். இரண்டும் ஒன்றின் இரு முகம்: பில்லின் பக்கமிருந்து பார்த்தால் காத்திருப்பு, மேசையின் பக்கமிருந்து பார்த்தால் தேக்கம். ஜூன் 16 அன்று கிண்டிக்கு வந்த பில்லை 20ஆம் தேதி எடுத்தார்கள் அல்லவா? அது சோம்பலா, ஆள் பற்றாக்குறையா? எண்ணிப் பார்த்தால் தெரியும். அன்று அந்த மேசையில் 60 பில் காத்திருந்தது. நாளுக்கு 15 பில் பார்க்கிறார்கள். 60ஐ 15ஆல் வகுத்தால் நான்கு நாள். இந்தக் கணக்குக்கு லிட்டில் விதி என்று பெயர். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் இதைக் கணித முறையில் நிரூபித்துக் காட்டினார். வரும் வேகமும் போகும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்வரை, காத்திருக்கும் எண்ணிக்கையை ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், புதிதாக வரும் ஒன்று சராசரியாக எத்தனை நாள் கிடக்கும் என்று கிடைத்துவிடும். கடிகாரம் வைத்து யாரையும் வேவு பார்க்க வேண்டியதில்லை.

இதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. நாளுக்கு 15 வருகிறது, 15 முடிகிறது. ஊழியர் ஓய்வில்லாமல் வேலை செய்கிறார், ஆனாலும் 60 அப்படியே நிற்கிறது. எப்போதோ ஒரு மாதக் கடைசியில் சேர்ந்த மிச்சம் அது. அதற்குப் பிறகு யாரும் அதைக் கரைக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொரு ஆளை வேலைக்கு எடுக்கச் சொல்லும் முன், அந்த 15இல் எத்தனை முதல் முறை வருகிறது, எத்தனை திருத்தி மறுபடி வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். பத்து புதிது, ஐந்து திருத்தம் என்று வைத்துக்கொள்வோம். திருத்தம் வருவதை நிறுத்திவிட்டால் நாளுக்குப் பத்துதான் வரும், முடிக்கும் திறன் 15. தினமும் ஐந்து கரையும். 60 கரைய 12 வேலை நாள். ஆளும் வேண்டாம், ஓவர்டைமும் வேண்டாம். அதற்கப்புறம் காலையில் வந்த பில் சாயங்காலம் முடியும்.

தேக்கத்துக்கு இன்னொரு பிறப்பிடம் இருக்கிறது: சேர்த்துவைத்துச் செய்வது. 'பத்தாம் தேதியும் இருபத்தைந்தாம் தேதியும் மட்டும் பணம்' என்பது கணக்குப் பிரிவுக்குச் சௌகரியம். கோப்பை ஒருமுறை வங்கித் தளத்தில் ஏற்றி, இயக்குநர்கள் இருவரிடம் ஒருமுறை ஒப்புதல் வாங்கினால் போதும். ஆனால் ஜூலை 2 அன்று தயாரான பில் எட்டு நாள் ஒரு கோப்பில் தூங்குகிறது. மறுமுனையில் இன்ஜினீயரும் அதையே செய்கிறார். 'எப்படியும் பத்தாம் தேதிதானே' என்று பில்களைப் பர்சில் சேர்த்துவைத்து, கடைசி நேரத்தில் மொத்தமாகப் போடுகிறார். கணக்குப் பிரிவில் அந்த நாட்களில் மட்டும் வெள்ளம். ஒரு பக்கம் கட்டிவைத்தால் மறுபக்கமும் கட்டிவைக்கும். இந்த 31 நாளும் 6,480 ரூபாயைச் சம்பளக்காரர் ஒருவர் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் அவர் வீட்டில் அது உறைக்கும்.

வேண்டாத வேலைப்பாட்டைக் கண்டுபிடிக்க அந்த 35 நிமிடத்துக்குள் போக வேண்டும். ஒருவர் படிவம் நிரப்பும்போது பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். முதல் ஆறு நிமிடம் படிவத்தைத் தேடுவதிலேயே போனது. `Claim_Form_Final_New2.xls` என்று ஒன்றும், அதே பெயரில் 3 போட்டு இன்னொன்றும் இருந்தன. எது நடப்பில் இருப்பது என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். பிறகு செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் போகும் என்ற குறியீட்டு எண்ணைத் தேடினார். இந்தத் தேடல்தான் 'ஆள் வீணாக அலைவது'. தொழிற்சாலையில் ஸ்பேனருக்காக நடப்பது, இங்கே ஜன்னல் விட்டு ஜன்னல் தாவுவது. பொருள் அலைந்தால் ஒரு வகை, ஆள் அலைந்தால் இன்னொரு வகை. அம்பத்தூர் கிண்டி வண்டி முதல் வகை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, மூலப் பில் கிண்டிக்குக் கட்டாயம் போக வேண்டுமா என்று ஆடிட்டரைக் கேட்டாலே பாதி தீர்ந்துவிடும்.

பிறகு தொகையை எண்ணால் எழுதினார், எழுத்தால் எழுதினார், அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, கம்பெனி இணையத்தளத்தில் அதே எண்களை மறுபடி தட்டினார். நான்கு ஆட்டோ பயணத்துக்கு நான்கு வவுச்சர். ஆட்டோக்காரர் ரசீது தரவில்லை என்பதால் வெள்ளைத் தாளில் தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்டார். இந்த வவுச்சர் எதை நிரூபிக்கிறது? அவர் எழுதினார் என்பதை மட்டும். படிவத்தின் வரியிலும் அவர்தான் எழுதியிருக்கிறார். சாப்பாட்டுக்கு ஆறு பில்லும் இதே கதிதான். நாளுக்கு இவ்வளவு என்று படி நிர்ணயித்துக் கொடுத்துவிட்டால் ஒட்டவும் வேண்டாம், எதிர்முனையில் கூட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் விரயம் என்று வெட்டிவிடவும் கூடாது. ஒவ்வொரு பில்லுக்கும் அவர் ஜெராக்ஸ் எடுத்தார். பார்த்தால் வீண் வேலை போலத்தான் இருந்தது. ஆனால் ஓட்டல்களிலும் பெட்ரோல் பங்கிலும் கொடுக்கும் வழவழப்பான ரசீது, வெப்பத்தில் எழுத்து விழும் தாள். சில மாதத்தில் வெளிறி, ஆடிட்டர் வரும்போது வெற்றுத் தாளாக நிற்கும். ஜெராக்ஸ் எடுக்கும் பழக்கம் அதனால் வந்தது. காரணம் நியாயம், வாங்கின இடத்திலேயே போனில் படம் எடுத்தால் அதே காரணம் நிறைவேறிவிடும். ஒரு படியை எடுத்துப்போடும் முன் அது எதற்காக வந்தது என்று விசாரிக்காமல் போனால், ஆறு மாதம் கழித்து வேறு பெயரில் திரும்பி வரும்.

கையெழுத்துகளும் இப்படித்தான். பில் போட்டவருக்கு ஒப்புதல் கையெழுத்தால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் ஒருவரே பில் போட்டு, ஒருவரே சரிபார்த்து, அவரே பணமும் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. லீன் கணக்கில் இவை 'மதிப்புச் சேர்க்காதவை, ஆனால் இப்போதைக்குத் தவிர்க்க முடியாதவை'. மேலாளர் கையெழுத்து அந்த ரகம்: இந்தப் பயணம் நடந்தது, வேலைக்காகத்தான் நடந்தது என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். துறைத் தலைவரின் கையெழுத்து அப்படியில்லை. ஒரு நிமிடத்தில் அவர் பார்த்தது மொத்தத் தொகையையும் மேலாளரின் கையெழுத்தையும். மேலாளர் போட்டுவிட்டார் என்று அவர் போடுகிறார். மேலே ஒருவர் பார்ப்பாரே என்று மேலாளர் மேலோட்டமாகப் போடுகிறார். இரண்டு பூட்டு என்று நினைக்கிறோம், இரண்டும் ஒரே சாவி. இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: கடந்த ஒரு வருடத்தில் துறைத் தலைவர் நிறுத்திவைத்த பில் எத்தனை? ஒன்றுமில்லை என்று பதில் வந்தால், 5,000 ரூபாய் வரம்பு எந்தக் காலத்தில் வைத்தது என்று அடுத்துக் கேளுங்கள். வரம்பை உயர்த்திவிட்டு, பணம் கொடுத்த பில்களில் மாதம் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்துத் துருவிப் பார்ப்பது, எல்லாப் பில்லையும் ஒரு நிமிடம் பார்ப்பதைவிடத் திருட்டைப் பிடிக்கும். ஒரே பில்லை இரண்டு முறை போடுவதையெல்லாம் எந்தக் கையெழுத்தும் பிடித்ததில்லை. பில் எண்ணையும் தேதியையும் டேலியில் பதிந்து ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

தேவைக்கு மேல் செய்வது இந்தப் பில்லின் பாதையில் பெரிதாக இல்லை. பாதையின் ஓரத்தில் இருந்தது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை கணக்குப் பிரிவு 'நிலுவையிலுள்ள கிளெய்ம்கள்' என்று ஒரு எக்செல் அறிக்கை தயாரித்து 14 பேருக்கு அனுப்புகிறது. எப்போதோ ஒரு இயக்குநர் கேட்டதற்காக ஆரம்பித்தது. இதற்கான சோதனையும் எளிது: இரண்டு வாரம் அனுப்பாமல் இருங்கள். யாரும் கேட்காவிட்டால் அறிக்கைக்கு ஆள் இல்லை. இதில் முரண் என்னவென்றால், அந்த அறிக்கைக்கு ஆகும் வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான் நிலுவையில் இருக்கும் பில்கள் சில முடிந்திருக்கும்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு போய் மேலிடத்தில் காட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. மிச்சமாகும் நிமிடத்தைச் சம்பளத்தால் பெருக்கி, 'ஆண்டுக்கு இத்தனை லட்சம் சேமிப்பு' என்று போடத் தோன்றும். மாதம் 30,000 ரூபாய் சம்பளக்காரரின் ஒரு நிமிடம் சுமார் மூன்று ரூபாய். இந்தப் பில்லில் திருத்தத்துக்குப் போன 30 நிமிடம் 90 ரூபாய். யாருடைய சம்பளமும் அதனால் குறையப்போவதில்லை, அந்தச் சேமிப்பு எந்தக் கணக்கிலும் வந்து நிற்கவும் போவதில்லை. நாட்களைக் காட்டுங்கள். எத்தனை பில் முதல் முறையே திரும்பாமல் போகிறது என்பதைக் காட்டுங்கள். இந்த இரண்டு எண்ணை மட்டும் மாதாமாதம் எழுதிவந்தால், நடப்பது முன்னேற்றமா இல்லையா என்று எவரும் ஏமாற்ற முடியாது.

'ஆப் வாங்கிவிட்டால் சரியாகிவிடும்' என்பது இன்னொரு பொறி. பழைய பாதையை அப்படியே மென்பொருளில் ஏற்றினால், மேலாளரின் தட்டில் மூன்று நாள் கிடந்த பில் அவருடைய செயலியில் மூன்று நாள் கிடக்கும். ஜி.எஸ்.டி. எண் இல்லாவிட்டால் படிவமே போகாது என்று மென்பொருள் அடம்பிடிக்கும். முன்பு செக்லிஸ்டில் இருந்த தப்பு இப்போது திரையில் உறைந்துவிடும். முதலில் பாதையைச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆப் வாங்குங்கள்.

இதே பில்லை மாற்றிய பாதையில் விட்டுப் பார்ப்போம். ஜூன் 9 அன்று போட்டது, மேலாளர் வெளியூரில் இருந்ததால் 12ஆம் தேதிதான் கையெழுத்தாகிறது. இரண்டாவது கையெழுத்து இல்லை, படமாகவே போவதால் வண்டியும் இல்லை. 13ஆம் தேதி கணக்குப் பிரிவில் எடுத்து முடிக்கிறார்கள். திருப்பி அனுப்பக் காரணமில்லை. பணம் வாரந்தோறும் வியாழக்கிழமை என்று மாற்றியிருந்தால் ஜூன் 19 அன்று கிடைக்கும். 31 நாள் பத்தாகிறது. அதிலும் ஆறு நாள் வியாழக்கிழமைக்கான காத்திருப்பு, மூன்று நாள் மேலாளர் ஊரில் இல்லாத காத்திருப்பு. வியாழக்கிழமையை வாரம் இரண்டு முறை ஆக்க இயக்குநர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. மேலாளர் ஊருக்குப் போகும்போது யார் கையெழுத்துப் போடுவது என்று ஒரு பெயரை எழுதிவைக்க மட்டும் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. மேலாளர் மனது வைத்தால் போதும்.